கோழி தின்று பிழைத்த தீவனம்

புயல் போன பிறகு மூன்று நாள் விடாமல் பெய்த மழையில், தீவனக் கொட்டகையின் தகரக்கூரை ஒரு மூலையில் தூக்கிக்கொண்டது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஏறிப் பார்க்கும் நிலையில் யாரும் இல்லை. வீரண்ணா நாயுடுவின் வீட்டில் இருந்தது அவரும் அவர் மனைவி சந்திரமதியும்தான். அவருக்கு முட்டிவலி. அவளுக்கோ கவலையெல்லாம் அடைகாக்கும் பெட்டியைப் பற்றி. கரண்ட் போய்விட்ட வீட்டில் முந்நூறு வாத்து முட்டைகளை மண்ணெண்ணெய் விளக்கு வைத்துச் சூடு குறையாமல் காப்பாற்றினாள். இருநூற்று எழுபது பொரித்தன. ஃபிஜித் தீவின் லம்பாசா ஊரில் ஈஸ்டருக்கு வாத்து கேட்பவர்கள் எல்லோருக்கும் இந்த வருஷம் நாயுடு வீட்டு வாத்துதான் என்று அவள் அன்றே முடிவு கட்டிவிட்டாள். போன புயலில் ஒரு வாத்துகூட மிஞ்சாமல் போனபோது, "இனி அந்தப் பொம்பளை எங்க எழுந்திருக்கப்போறா" என்று பேசினவர்கள் அந்த ஊரில்தான் இருந்தார்கள். அவர்கள் வாயை மூட அவளுக்கு இந்த இருநூற்று எழுபதும் வேண்டும்.

கொட்டகையைத் திறந்தது ஒரு வாரம் கழித்துத்தான். மக்காச்சோளமும் தேங்காய்ப் புண்ணாக்குமாகப் பன்னிரண்டு மூட்டை, சிமெண்டுத் தரையிலேயே சுவரோரமாக அடுக்கியிருந்தது. அடியில் பலகை போட வேண்டும் என்று வருஷா வருஷம் பேச்சு நடக்கும். பேச்சோடு சரி. மேல் மூட்டைகள் பார்க்க நன்றாக இருந்தன. அடியில் இருந்த நான்கும் ஈரம் குடித்திருந்தன. சந்திரமதி ஒரு மூட்டைக்குள் கையை விட்டாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கையோடு வந்த புண்ணாக்கு கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. உடைத்தால் நடுவில் மஞ்சளும் பச்சையுமாகத் தூள். சோளத்தின் முளைப்பக்கமெல்லாம் அதே நிறம். மூடி வைத்த பழைய அறையின் மக்கல் வாடை.

"தூக்கிக் கொட்டிடு, சந்திரா," என்றார் வீரண்ணா வாசலில் நின்றபடி.

"கொட்டிட்டு? ரோடு தொறந்து லாரி வர்ற வரைக்கும் குஞ்சுங்களுக்கு நீங்க என்ன போடுவீங்க, உங்க முட்டிக்குத் தடவுற எண்ணெயா?"

சந்திரமதியிடம் பேசி ஜெயித்த நாள் அவர் வாழ்க்கையில் கிடையாது.

அவள் சோம்பேறி அல்ல. அதை யாரும் சொல்ல முடியாது. நான்கு மூட்டையையும் தார்ப்பாயில் கொட்டி, கட்டிகளை உலக்கையால் உடைத்து, நல்ல வெயிலில் நான்கு நாள் காயவைத்தாள். பிறகு சல்லடையில் சலித்தாள். பச்சைத் தூள் பறந்து மூக்கில் ஏறியது. இரண்டு நாள் இருமினாள். நிறம் மாறிய சோளத்தைக் கண்ணுக்குத் தெரிந்தவரை பொறுக்கி எறிந்தாள். கடைசியில் பார்த்தால் மொறமொறவென்று, வாடைகூட இல்லாமல், புதுத் தீவனம் போலவே இருந்தது. பூசணம் செத்துவிட்டது. அது உண்மைதான். பூசணம் உயிரோடு இருந்தபோது உள்ளே கக்கி வைத்துவிட்டுப் போன விஷம் வெயிலுக்கும் சாகாது, சல்லடைக்கும் நிற்காது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

தெரியாவிட்டாலும் சோதிக்காமல் போடுகிறவள் இல்லை அவள். முட்டைக்காக வைத்திருந்த ஆறு கிழட்டுக் கோழிகளைத் தனியாக அடைத்து, ஐந்து நாள் அந்தத் தீவனத்தை மட்டுமே போட்டாள். கோழிகள் தின்று, குடித்து, கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு நின்றன. ஒன்று முட்டைகூட இட்டது.

"பார்த்தீங்களா? கோழிக்கு ஒண்ணும் ஆகலேன்னா வாத்துக்கும் ஒண்ணும் ஆகாது," என்று கணவனிடம் காட்டினாள். பிறகு அந்த நான்கு மூட்டையை மீதி எட்டு மூட்டையோடு சேர்த்துக் கலந்து அடுக்கினாள். கெட்டது கொஞ்சம் இருந்தாலும் நல்லதில் கரைந்துபோகும் என்று ஒரு கணக்கு. இந்த முறை அடியில் பலகையும் போட்டாள்.

பத்து நாள் கழித்துக் குஞ்சுகள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டன. தீவனத் தட்டைச் சுற்றி முட்டி மோதிக்கொண்டிருந்தவை ஒதுங்கி நின்றன. நடந்தால் தள்ளாடின. மஞ்சளாக இருக்கவேண்டிய கால்கள் ஊதா நிறம் ஏறிக் கன்றிப்போயின. அப்புறம் சாவு ஆரம்பித்தது. சாகும்போது கழுத்து முதுகுப் பக்கமாக வளைந்து, கால் இரண்டையும் விறைத்து நீட்டிக்கொண்டு கிடந்தன. முதல் நாள் ஏழு, மறுநாள் பதினெட்டு. மூன்றாம் நாள் அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

குஞ்சுகளை அள்ளிக் குழியில் போட்டுவிட்டு அவள் ஓடைக்கரையில் நின்றாள். அக்கரையில் அபெனிசாவின் வீடு. அபெனிசா ஃபிஜியின் பூர்வகுடிக்காரன், மரவள்ளியும் சேப்பங்கிழங்கும் போட்டிருப்பவன். இருபது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது அந்த ஓடை மட்டும்தான். அவன் இவர்களை அண்ணே, அண்ணி என்பான். புயலுக்குப் பிறகு அவன் மனைவி உனைசியின் ஊரிலிருந்து பதினொரு வாத்துகள் வந்திருந்தன. அவன் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் முதல் வேலையாக அவற்றை ஓடையில் இறக்கிவிடுவாள். மேல்பக்கம் அவை நீந்தும் தண்ணீர்தான் கீழ்ப்பக்கம் சந்திரமதியின் தொட்டிக்கு வருகிறது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படித்தான் நினைத்தாள்.

"அபெனிசா! எங்கேயோ இருந்து சீக்கு வாத்தைக் கொண்டாந்து என் குடியைக் கெடுத்துட்டியேடா!" என்று இக்கரையில் நின்று அவள் கத்தியது ரோட்டுக்குக் கேட்டது.

அபெனிசா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "அண்ணி, எங்க வாத்து நல்லாத்தானே இருக்கு. பாருங்க, ஒண்ணுகூடச் சாகலை."

"அதுங்க சாகாது. அதுங்க கொண்டுவந்து கொடுத்துட்டு நல்லா இருக்கும். என் குஞ்சுங்கதான் சாகும்."

"அப்படியா இருக்கும்?"

"பின்ன? உன் வாத்து வர்றதுக்கு முன்னாடி ஒண்ணாவது செத்துதா? உன் வாத்து வந்துதான் செத்துது. நீயே சொல்லு."

அவனுக்குக் கிழங்கு தெரியும், வாத்து தெரியாது. சந்திரமதி ஐம்பது வயதில் முப்பது வருஷம் வாத்தோடு கழித்தவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் நம்பினான். இந்தக் கதையில் எனக்குத் தாங்காத இடம் இதுதான். அவன் சண்டை போட்டிருந்தால் பாதிக் கேடு நின்றிருக்கும்.

மறுநாள் காலை பதினொரு வாத்தையும் வெட்டினான். சமைக்கக்கூடாது, நோய் பரவும் என்று சந்திரமதி சொல்லி அனுப்பியிருந்தாள். அப்படியே குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தான். மகள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அன்று சாயங்காலம் அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இடித்துக் கரைத்துக் குடிக்கிற கவா வேர்க்கட்டு ஒன்றைக் கையில் ஏந்தி நாயுடு வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே பாயில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, வேரை முன்னால் வைத்தான். தெரியாமல் நடந்த தப்பைப் பொறுக்க வேண்டும் என்று அவர்கள் வழக்கப்படி மன்னிப்புக் கேட்டான். அந்த நாட்டில் அதை வாங்கிக்கொண்டால் விஷயம் புதைந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரில் யாரும் அதைக் கிளறக்கூடாது. வீரண்ணா மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் வேரைத் தொட்டு எடுத்துக்கொண்டு, கைகளைக் குவித்து மூன்று முறை தட்டினார்.

மன்னித்தவளுக்கு மனசு பெரிதாகிவிட்டது. "உங்க அப்பா போய்ச் சேர்ந்த நூறாம் ராத்திரி விருந்துக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டாள்.

"நாலு வாரம், அண்ணி. ரெண்டு பன்னி நிக்குது. குட்டியிலருந்து அதுக்குன்னே வளர்க்கறேன். எங்க ஜனம் மொத்தமும் வரும். மூத்த மகன் நான். பன்னி இல்லாம போய் நின்னா அவ்வளவுதான்."

"மரவள்ளி மட்டும் போட்டா எங்கேருந்து சதை வைக்கும்? இந்தா, ரெண்டு மூட்டை எடுத்துட்டுப் போ. சோளமும் புண்ணாக்கும். நாலு வாரத்துல கொழுத்துடும்."

"வேணாம் அண்ணி, உங்க வாத்துக்கே..."

"வாத்து எத்தனைடா மிஞ்சியிருக்கு இப்ப? எடுத்துட்டுப் போ."

அவன் ஒவ்வொரு மூட்டையாகத் தோளில் சுமந்து ஓடையைத் தாண்டினான்.

வாத்துகளை வெட்டிய பிறகும் சாவு நிற்கவில்லை. தண்ணீரில் கிருமி மிச்சம் இருக்கும் என்று அவள் தொட்டியைச் சுண்ணாம்பு வைத்துக் கழுவினாள். ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கூடக் கொடுத்துப் பார்த்தாள். தீவனத்தை மட்டும், பாவம் தெம்பில்லாமல் இருக்கின்றனவே என்று, ஒரு கைப்பிடி அதிகமாகப் போட்டாள்.

கால்நடை அதிகாரி ஷமீம் வர இன்னும் பத்து நாள் ஆனது. பாலம் உடைந்திருந்தது. வந்தவர் தொழுவம், தொட்டி, ஓடை எல்லாவற்றையும் பார்த்தார். அப்போது சமையலறையிலிருந்து கீச்கீச்சென்று சத்தம் வந்தது.

"உள்ள என்ன?"

"கடைசியா பொரிச்சது, பாய். பதினாலு. சவலையா இருந்துச்சுன்னு அடுப்புப் பக்கம் பெட்டியில வெச்சிருக்கேன்."

பெட்டியில் பதினான்கும் கொழுகொழுவென்று இருந்தன. கால்கள் நல்ல மஞ்சள்.

"இதுங்களுக்கு எந்தத் தண்ணி?"

"அதே ஓடைத் தண்ணிதான். முதல்ல இருந்து." சொல்லும்போதே அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"தீனி?"

"சோறு. குழைய வெச்ச சோறும் கீரையும். சவலைக்கு வேற என்ன..."

ஷமீம் அன்று செத்த குஞ்சு ஒன்றை எடுத்து வாழையிலையில் வைத்து வயிற்றைக் கிழித்தார். ஈரலைக் கத்திமுனையால் தூக்கிக் காட்டினார். சிவப்பாக இருக்கவேண்டியது வெளிறிப்போய், மஞ்சள் பாரித்து, அங்கங்கே ரத்தம் கட்டியிருந்தது. இன்னொன்றைக் கிழித்தார். அதிலும் அப்படியே.

"தீவனத்தைக் காட்டுங்க."

காட்டினாள். அவர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அள்ளி, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நனைஞ்சுதா?"

"நனைஞ்சுது. ஆனா காயவெச்சு, சலிச்சு, பொறுக்கி... கோழிக்குப் போட்டுப் பார்த்துத்தான் பாய் போட்டேன். அஞ்சு நாள். இதோ நிக்குதே, ஆறும் உசுரோட."

ஷமீம் கோழிகளைப் பார்த்தார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "கோழி தாங்கும், அக்கா. அதுவும் வயசான கோழி ரொம்பத் தாங்கும். இந்த விஷத்துக்கு முதல்ல விழறது வாத்துக்குஞ்சு. அடுத்து வான்கோழிக் குஞ்சு. அப்புறம் வளர்ற பன்னி, சினைப்பன்னி, கன்னுக்குட்டி. பெரிய மாடு தாங்கிக்கும், ஆனா பால்ல இறங்கும். வாத்துக்குஞ்சை வெச்சு வேணா கோழித் தீவனத்தைச் சோதிக்கலாம். நீங்க தலைகீழாச் செஞ்சிருக்கீங்க."

"பூசணமே இல்லையே இப்ப."

"பூசணம் போயிடும், விஷம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாடை வராது. வறுத்தாலும் முழுசாப் போகாது. உள்ளே கை விட்டப்ப சூடா இருந்துதா? கட்டி கட்டியா, மஞ்சப்பச்சைத் தூள்? அப்பவே முடிஞ்சுது. நல்ல மூட்டையில கலந்ததுல எல்லாமே கெட்டுது. சுவாவுல இருக்கற லேபுக்குக் கொஞ்சம் அனுப்பறேன், அவங்கதான் உறுதியாச் சொல்லணும். வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். இன்னைக்கே நிறுத்துங்க. மாடு தின்னிருந்தா ஒரு வாரம் பாலைக் கொட்டுங்க."

"தொத்து நோய் இல்லையா, பாய்?" வீரண்ணா கேட்டார்.

"அக்கரையில ஏதாவது செத்துதா?"

வீரண்ணா ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஷமீம் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். இதற்கு மருந்து கிடையாது, நல்ல தீனி போட்டுப் பார்ப்பதுதான் வழி என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

சந்திரமதி கொட்டகைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். குஞ்சுகளுக்காக அழுவாள் என்று வீரண்ணா நினைத்தார். ஆனால் அவள் வாயில் வந்தது வேறு. "வளர்ற பன்னி."

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றார் வீரண்ணா. மெதுவாக யோசித்துப் பேசினார். "நான் போய் மூட்டையை வாங்கிட்டு வந்துடறேன். நமக்குத் தட்டுப்பாடா இருக்குன்னு சொன்னா தந்துடுவான். பன்னியும் பொழைச்சுக்கும். வாத்து விஷயம் அன்னைக்கே புதைஞ்சாச்சு, சந்திரா. அதை எதுக்குத் தோண்டணும்? நீ கத்தினதை ஊரே கேட்டுது. இப்ப நீ போய் நான்தான் தப்புன்னு சொன்னா, அப்புறம் இந்த ரோட்டுல நடக்க முடியுமா?"

"நான் போறேன்," என்றாள்.

ஓடையில் தண்ணீர் முழங்காலளவுதான். கடக்கும்போதே அவள் கணவனின் வார்த்தைகளைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

அபெனிசா பன்றிப்பட்டியின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தான். "வாங்க அண்ணி! உனைசி, டீக்குத் தண்ணி வை, அண்ணி வந்திருக்காங்க."

"இல்லடா, ஒண்ணும் வேணாம். ஒரு விஷயமா வந்தேன். எங்களுக்குத் தீவனம் கொஞ்சம் தட்டுப்பாடா இருக்கு. மிச்சம் இருந்தா..."

"ஐயோ, அதுக்கென்ன! ஒரு மூட்டை அப்படியே இருக்கு, நானே தூக்கிட்டு வர்றேன்." நகரப் போனவன் நின்றான். "கேக்க நினைச்சேன் அண்ணி. இதுங்க முதல்ல அதைத் தொடவே இல்லை. மூக்கால தள்ளிவிட்டுச்சுங்க. அண்ணி குடுத்தது வீணாகக்கூடாதுன்னு கரும்புச் சாறு ஊத்திப் பிசைஞ்சு வெச்சேன். அப்புறம் நல்லா தின்னுச்சுங்க. மூணு நாளா திரும்ப ஒரு மாதிரி இருக்கு. உங்களுக்குத் தெரியுமேன்னு பார்த்தேன்."

அவள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ஒரு பன்றி மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மயிர் சிலிர்த்து, முதுகெலும்பு தெரிந்தது. கண்வெள்ளை மஞ்சள். இன்னொன்று பக்கவாட்டில் படுத்து, வயிறு மட்டும் வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டியில் பிசைந்த தீவனம் பாதி அப்படியே கிடந்தது. அதில் கரும்பு வாசனை அடித்தது.

மூட்டையை வாங்கிக்கொண்டு போய்விடலாம். அவன் எதுவும் கேட்க மாட்டான். பன்றிக்கு ஏதோ சீக்கு என்று நம்புவான். அவள் சொன்னதால் வாத்துக்குச் சீக்கு என்று நம்பவில்லையா?

"அதைப் போடாதே, அபெனிசா," என்றாள். "அது விஷம்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"புயல் மழையில நனைஞ்சு பூசணம் பிடிச்சது. நான் காயவெச்சு, சலிச்சு, நல்லதுன்னு நினைச்சேன். அதைத் தின்னுதான் என் குஞ்சுங்க செத்துது. ஷமீம் பாய் வந்து ஈரலைக் கிழிச்சுக் காட்டிட்டாரு. தெரிஞ்சு குடுக்கலைடா. சத்தியமா தெரியாது. இப்பவே நிறுத்து. மரவள்ளி, சோறு, கீரை எது இருந்தாலும் போடு. மருந்து ஒண்ணும் இல்லையாம். பொழைச்சா பொழைக்கும். செத்தா... அந்த இறைச்சியைச் சாப்பிடக்கூடாது. நூறாம் ராத்திரிக்கு..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர்க் கெட்டிலோடு வந்த உனைசி நடுவழியில் நின்றுவிட்டாள். அபெனிசா பட்டிக்குள் இறங்கி, தொட்டியைக் கவிழ்த்து, தீவனத்தைக் கையாலேயே வழித்து வெளியே எறிந்தான். கையைப் புல்லில் துடைத்தான். படுத்திருந்த பன்றியின் பக்கத்தில் குந்தி, அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து அவன் மகள் புத்தகப்பையோடு வாசலில் வந்து நின்றாள்.

அபெனிசா தலையை நிமிர்த்தாமலே, ரொம்பத் தாழ்ந்த குரலில், மகளுக்குக் கேட்காதபடி கேட்டான்.

"அப்ப எங்க வாத்துங்களுக்கு ஒண்ணும் இல்லையா, அண்ணி?"

"ஒண்ணும் இல்லடா," என்றாள் சந்திரமதி.